தொடர் கூட்டி: 5 + 2 சரியாக வருகிறது, 13 + 11 போட்டால் 9 வருகிறது

நித்திலா_இசிஇ

வணக்கம். இரண்டாம் ஆண்டு இசிஇ படிக்கிறேன். லேபில் தொடர் கூட்டியை மீலி இயந்திரமாக எழுதச் சொன்னார்கள். இரண்டு எண்களும் கீழ் பிட்டிலிருந்து தொடங்கி ஒரு கிளாக்குக்கு ஒரு ஜோடியாக உள்ளே வரும், கூட்டுத்தொகையும் அதே வரிசையில் ஒவ்வொரு பிட்டாக வெளியே போகும். நினைவில் வைக்க வேண்டியது கேரி ஒன்றுதான், அதனால் நிலைகள் இரண்டே. வரைபடம் சரியாக இருக்கிறது என்று மேடம் டிக் போட்டுவிட்டார். என் வெரிலாக் இது:

```verilog
module sadd(input clk, rst, a, b, output s);
  reg c;
  assign s = a ^ b ^ c;
  always @(posedge clk)
    if (rst) c <= 0;
    else     c <= (a & b) | (c & (a ^ b));
endmodule
```

5 + 2 போட்டால் 7 வருகிறது. 8 + 4 போட்டால் 12. ஆனால் 13 + 11 போட்டால் 24 வர வேண்டிய இடத்தில் 9 வருகிறது. ஐந்தாவது கிளாக்கில் இரண்டு பக்கமும் 0 கொடுத்து கடைசி கேரியையும் வெளியே எடுக்கிறேன், அதை மறக்கவில்லை. கேரி சமன்பாட்டை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

ரவி_77

கேரி வரும்போது மட்டும் தப்பாகிறது என்றால் அது கேரி தாமதம். கீழ் பிட்டின் கேரி மேல் பிட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நீங்கள் விடையைப் படிக்கிறீர்கள். கேரி லுக்-அஹெட் போடுங்கள், சரியாகிவிடும்.

தாரணி

ரவி, நீங்கள் சொல்வது நான்கு கூட்டிகளை வரிசையாகக் கோத்த இணைக் கூட்டிக்குப் பொருந்தும். இங்கே இருப்பது ஒரே ஒரு முழுக் கூட்டி, ஒரே ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப். ஒரு கிளாக்கில் பிறந்த கேரி அடுத்த கிளாக் வரை அந்த ஃப்ளிப்-ஃப்ளாப்பில் உட்கார்ந்திருக்கும். எட்டிப் பார்த்துக் கணக்கிட இங்கே அடுத்த பிட் கையிலேயே இல்லை.

நித்திலா, மாட்யூல் எனக்குச் சரியாகவே தெரிகிறது. டெஸ்ட்பெஞ்சைப் போடுங்கள்.

நித்திலா_இசிஇ

இதோ அக்கா. x = 01101, y = 01011. ரீசெட் கொடுத்து ஒரு கிளாக் விட்டு, #1 கழித்து ரீசெட்டை எடுத்த பிறகு இந்த லூப் ஓடும். போன வாரம் கவுண்டர் லேபுக்கு எழுதியதையே எடுத்து மாற்றினேன்.

```verilog
for (i = 0; i < 5; i = i + 1) begin
  a = x[i]; b = y[i];
  @(posedge clk); #1;
  sum[i] = s;
end
```

மதுரை_பழையகை

கவுண்டர் லேப் என்று சொன்னீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. எங்கே என்று சொல்வதற்கு முன் உங்கள் தப்பான விடையையே கொஞ்சம் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்கிறது.

வர வேண்டியது 11000. வந்தது 01001. நடுவில் இருக்கும் மூன்று பிட்டும் சரி. கீழ்க்கோடியிலும் மேல்கோடியிலும் இருக்கும் பிட்டுகள் மட்டும் தலைகீழாகியிருக்கின்றன. இப்போது பேப்பரில் ஐந்து கிளாக்கையும் ஓட்டுவோம். c என்பது விளிம்புக்கு முன் இருந்த கேரி, n என்பது விளிம்புக்குப் பின் வரும் கேரி:

```
a b c | s n
1 1 0 | 0 1
0 1 1 | 0 1
1 0 1 | 0 1
1 1 1 | 1 1
0 0 1 | 1 0
```

s வரிசையைக் கீழிருந்து மேலாக எழுதினால் 11000, அதாவது 24. இயந்திரம் சரியாகத்தான் கூட்டுகிறது. இனி c, n இரண்டையும் ஒப்பிடுங்கள். நடு மூன்று வரிகளில் இரண்டும் 1, மாற்றம் இல்லை. முதல் வரியில் 0 இருந்தது 1 ஆகிறது. கடைசி வரியில் 1 இருந்தது 0 ஆகிறது. உங்கள் விடை கெட்டதும் இதே இரண்டு இடங்களில்தான்.

அதாவது நீங்கள் s-ஐப் பழைய a, b-யோடும் புதிய கேரியோடும் சேர்த்துப் படிக்கிறீர்கள். விளிம்பு வந்ததும் c மாறிவிட்டது. #1 கழித்துப் பார்க்கும்போது a, b இன்னும் போன ஜோடியாகவே இருக்கின்றன. முதல் கிளாக்கில் 1, 1, புதிய கேரி 1, மூன்றையும் சேர்த்தால் s = 1. அந்த 1 எந்தக் கூட்டலுக்கும் சொந்தமானதல்ல, ஒரு ஜோடியின் கேரியை அதே ஜோடியோடு இன்னொரு முறை கூட்டியதால் வந்தது. 5 + 2, 8 + 4 இரண்டிலும் கேரி ஒருமுறைகூட மாறுவதில்லை. அதனால் தப்பாகப் படித்தாலும் சரியான விடையே வந்தது.

கவுண்டரின் வெளியீடு நிலையை மட்டும் பொறுத்தது. விளிம்புக்குப் பின் படித்தால்தான் அங்கே புது மதிப்பு கிடைக்கும். மீலியில் வெளியீடு நிலையோடு அந்த நேரத்து உள்ளீட்டையும் பொறுத்தது. ஜோடியை வைத்த பிறகு, விளிம்பு வருவதற்கு முன் இருக்கும் s-தான் அந்த ஜோடியின் விடை.

கோவை_கார்த்தி

அவ்வளவு தூரம் போக வேண்டாம். லூப்பில் இருக்கும் #1-ஐ எடுத்துவிடுங்கள். நான் இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், 24 வருகிறது.

சுடர்மதி

கார்த்தி சொன்னபடி லூப்பில் #1-ஐ எடுத்து நானும் ஓட்டினேன். எனக்கு 14 வருகிறது. அதே கோடு, வேறு சிமுலேட்டர்.

மதுரை_பழையகை

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். சுடர்மதி தன் விடையைப் போட்டது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் நித்திலா அதோடு ரெக்கார்டில் எழுதிக் கொடுத்திருப்பார்.

கார்த்தி சொன்னதில் பாதி சரி. #1 இல்லாவிட்டால் விளிம்பு வந்த அந்தக் கணத்தில், c மாறுவதற்கு முன் s படிக்கப்படுகிறது. c-க்கு `<=` போட்டிருப்பதால் அதன் புது மதிப்பு அந்தக் கணத்தின் கடைசியில்தான் ஏறும். ஆக s சரியாகவே கிடைக்கும். ஆனால் அதே கணத்தில் லூப் திரும்பிப் போய் அடுத்த ஜோடியை a, b-யில் வைத்துவிடுகிறது. உங்கள் always பிளாக்கும் அதே விளிம்புக்காகத்தான் காத்திருக்கிறது. இரண்டில் எது முதலில் ஓட வேண்டும் என்று வெரிலாக் தரநிலை எதுவும் சொல்லவில்லை. always முதலில் ஓடினால் பழைய ஜோடியிலிருந்து கேரி பிறக்கும், 24 வரும். லூப் முதலில் ஓடினால் கேரி அடுத்த ஜோடியிலிருந்து பிறக்கும். அப்படி ஓட்டிப் பாருங்கள்: முதல் s 0, ஆனால் கேரியைத் தீர்மானித்தது 0, 1 ஜோடி, ஆகவே கேரி 0. அடுத்த s 1, கேரி 0. மூன்றாவது s 1, அதற்குள் 1, 1 வந்துவிட்டதால் கேரி 1. நான்காவது s 1, ஐந்தாம் ஜோடி 0, 0 என்பதால் கேரி 0. கடைசி s 0. சேர்த்தால் 01110. சுடர்மதியின் 14 இதுதான்.

விளிம்பிலேயே உள்ளீட்டை மாற்றாமல், விளிம்பிலேயே படிக்காமல் இருந்தால் போதும். இறங்கு விளிம்பில் படியுங்கள். அந்த நேரத்தில் a, b, c மூன்றும் அசையாமல் இருக்கும்:

```verilog
a = x[i]; b = y[i];
@(negedge clk); sum[i] = s;
@(posedge clk); #1;
```

நித்திலா_இசிஇ

24 வந்துவிட்டது! ரொம்ப நன்றி சார். பேப்பரில் ஓட்டியபோது இரண்டு c-யையும் ஒரே நெடுவரிசையில் எழுதியிருந்தேன், அதனால்தான் கண்ணில் படவில்லை.

ஒரு சந்தேகம். இதையே மூர் இயந்திரமாக எழுதியிருந்தால் என் பழைய டெஸ்ட்பெஞ்ச் அப்படியே வேலை செய்திருக்குமா? மூருக்கு நான்கு நிலை வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

தாரணி

செய்திருக்கும். மூரில் வெளியீடு நிலைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேரி 0, 1 என்ற ஒவ்வொன்றுக்கும் "இப்போதுதான் வெளியிட்ட பிட் 0", "1" என்று இரண்டாகப் பிரிந்து நான்காகிறது. நான்குக்குமே போய்ச் சேர முடியும், ஒன்றையும் இன்னொன்றோடு சேர்த்துக் குறைக்க முடியாது. வன்பொருளில் அது இன்னும் எளிது: உங்கள் s-ஐ ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பில் ஏற்றிவிட்டால் அதுவே மூர். விளிம்புக்குப் பின் அந்த ஜோடியின் விடை ஒரு முழு கிளாக்குக்கு அசையாமல் நிற்கும். விலை ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப், ஒரு கிளாக் தாமதம்.

நான் போர்டில் இறக்கும்போது பெரும்பாலும் அந்த ஃப்ளிப்-ஃப்ளாப்பைப் போட்டுவிடுவேன். மீலி வெளியீட்டில் a முந்தி b பிந்தி வந்தால் நடுவில் s ஒருமுறை துள்ளும். அடுத்து வருவதும் அதே கிளாக்கில் ஓடுகிறதென்றால் அந்தத் துள்ளல் ஒன்றும் செய்யாது. வெளியே எல்இடிக்கோ வேறு கிளாக்குக்கோ போகிறதென்றால் செய்யும்.

சென்சார்_செல்வம்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே தேவை. இரண்டு சென்சாரிலிருந்து எஸ்பிஐ வழியாக அளவு வருகிறது, இரண்டையும் கூட்ட வேண்டும். ஆனால் அவை மேல் பிட்டை முதலில் அனுப்புகின்றன. இதே இரண்டு நிலை இயந்திரத்தைத் திருப்பிப் போட்டுவிட முடியாதா? நிலைகளைக் கொஞ்சம் கூட்டினாலும் பரவாயில்லை, வந்த பிட்டை உடனே வெளியே விட வேண்டும்.

தாரணி

முடியாது செல்வம் அண்ணா, நிலைகள் எத்தனை கூட்டினாலும். 8 பிட்டில் 01111111 வருகிறது என்று வையுங்கள். கூட வருவது 00000000 என்றால் விடையின் முதல் பிட் 0. கூட வருவது 00000001 என்றால் விடை 10000000, முதல் பிட் 1. இரண்டு கணக்கிலும் முதல் ஏழு ஜோடிகள் ஒன்றே, எட்டாவது வரும்வரை வித்தியாசமே கிடையாது. நீங்களோ முதல் ஜோடி வந்தவுடனேயே பதில் கேட்கிறீர்கள்.

கீழிருந்து போகும்போது இனி வருவது எதுவும் ஏற்கனவே எழுதியதை மாற்றாது. எண்கள் எவ்வளவு நீளமானாலும் ஒரு பிட் நினைவு போதும் என்பது அந்தத் திசையால் கிடைத்தது. யுஆர்ட்டில் கீழ் பிட் முதலில் வரும், அதில் நேராகக் கோக்கலாம். எஸ்பிஐயில் இரண்டு எண்ணையும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் முழுதாக வாங்கி, அப்புறம் கீழ்முனையிலிருந்து வெளியே தள்ளுங்கள்.

மதுரை_பழையகை

ஒரு சின்னச் சேர்க்கை. 0, 1 மட்டுமல்லாமல் -1 என்ற இலக்கத்தையும் விடையில் அனுமதித்தால் மேலிருந்தும் கூட்ட முடியும், சில கிளாக் தாமதத்தோடு. அது தனி உலகம். அந்த விடையைச் சாதாரண இருமமாக மாற்றப் போனால் மறுபடியும் இதே சிக்கலுக்கு வந்து நிற்போம். செல்வத்துக்கு ஷிஃப்ட் ரெஜிஸ்டரே சரி.

நித்திலா_இசிஇ

இன்று நான்கு பிட் எண்களில் 256 ஜோடிகளையும் வரிசையாக ஓட்டினேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்து கிளாக் கொடுத்தால் எல்லாமே சரி. மேடம் "விடையில் நான்கு பிட் போதும், நான்கு கிளாக்கில் முடி" என்றார். ஐந்தாவதை எடுத்தேன், ரீசெட் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும். இப்போது 2 + 0 = 3 என்கிறது! 0-இலும் 1-இலும் தொடங்கும் ஜோடிகள் எல்லாம் சரி. 2 + 1 சரி. அப்புறம் 2 + 15 மறுபடியும் தப்பு, 1 வர வேண்டிய இடத்தில் 2.

கோவை_கார்த்தி

2 + 0-க்கு முன்னால் ஓடியது 1 + 15 தானே? அதில் 16 வரும், நான்கு பிட்டில் 0 சரியாக வெளியே வந்துவிடும், ஆனால் கேரி உள்ளே 1 ஆகவே நிற்கும். அடுத்த கணக்கு அதை எடுத்துக்கொண்டது. 2 + 15-க்கு முன் 2 + 14, அங்கேயும் 16. முதலில் நான் சொன்னது தப்பாகிவிட்டது, இதில் உறுதியாகச் சொல்கிறேன்: ஒவ்வொரு ஜோடிக்கு முன்பும் ரீசெட் கொடுங்கள். நம் ரீசெட் கிளாக்கோடு சேர்ந்தது, அதனால் அதற்கே ஒரு கிளாக் போகும்.

மதுரை_பழையகை

காரணம் முற்றிலும் சரி கார்த்தி. தீர்வில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

இந்த இயந்திரத்தின் அம்புகளைப் பாருங்கள். எந்த நிலையில் இருந்தாலும் 0, 0 வந்தால் கேரி 0 ஆகும். எந்த நிலையில் இருந்தாலும் 1, 1 வந்தால் கேரி 1 ஆகும். இரண்டும் வேறுபட்டால் மட்டுமே பழைய கேரி அப்படியே தங்கும். ஆகவே கேரி என்பது a-யும் b-யும் கடைசியாக ஒத்துப்போனபோது இருந்த மதிப்பு, அவ்வளவுதான். நித்திலா ஐந்தாவது கிளாக்கில் கொடுத்த 0, 0 கடைசிக் கேரியை வெளியே எடுத்ததோடு அடுத்த கணக்குக்கு இடத்தையும் துடைத்துவிட்டது. ஒரே கிளாக்கில் இரண்டு வேலை. ரீசெட்டுக்கு ஒரு கிளாக் செலவழிப்பதானால் அந்த 0, 0-க்கே செலவழிக்கலாமே, ஐந்தாவது பிட்டும் கிடைக்கும். 256 ஜோடியில் 120-க்கு அந்தப் பிட் 1. நான்கு கிளாக்கில் நிறுத்தினால் அது எங்கும் போய்ச் சேராது.

தாரணி

நான்கே கிளாக்கில் முடிக்க வேண்டும் என்றால் முதல் பிட்டோடு சேர்ந்து வரும் ஒரு start கம்பி வையுங்கள். அது 1 ஆக இருக்கும்போது கேரியை 0 என்று எடுத்துக்கொள்ளட்டும்:

```verilog
wire ci = c & ~start;
assign s = a ^ b ^ ci;
```

கேரி சமன்பாட்டிலும் c-க்குப் பதில் ci. கிளாக் எதுவும் வீணாகாது. சார் சொல்லும் 0, 0 வழியில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பவர் வந்தவுடன் c என்னவென்று தெரியாது, முதல் எண்ணுக்கு முன்பும் ஒரு 0, 0 போக வேண்டும். சிமுலேஷனில் அதை மறந்தால் 5 + 2-இல் s-இன் நான்கு பிட்டும் x ஆகவே வரும், ஏனென்றால் அதில் முதல் மூன்று ஜோடிகளும் ஒத்துப்போவதில்லை, நான்காவது 0, 0 கேரியைத் துடைப்பது அதற்கு அடுத்த கிளாக்கில்தான் தெரியும். 13 + 11-இல் முதல் ஜோடியே 1, 1 என்பதால் முதல் பிட் மட்டும் x, மற்றதெல்லாம் நல்லபடியாக வந்துவிடும். அது இன்னும் ஆபத்து.

மதுரை_பழையகை

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் start வைத்தால் அதைச் சரியான பிட்டோடு சரியாகச் சேர்த்து ஓட்டும் கவுண்டர் ஒன்று வெளியே வேண்டும். கூட்டியை விட அது பெரிதாகிவிடுகிறது. கவுண்டர் ஏற்கனவே இருக்கும் வடிவமைப்பில் உங்கள் வழி, இல்லாத இடத்தில் என் வழி என்று வைத்துக்கொள்வோமா?

தாரணி

கவுண்டர் இல்லாத வடிவமைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை சார். அந்த 0, 0-ஐ எப்போது கொடுப்பது என்று யார் எண்ணுவார்கள்?

சுடர்மதி

இந்த start கம்பியைப் பார்த்ததும் கழித்தல் ஞாபகம் வந்தது. தொடக்கத்தில் கேரியை 0 ஆக்காமல் 1 ஆக்கி, b-யைத் தலைகீழாக்கிக் கொடுத்தால் இதே இயந்திரம் கழிக்கிறது. 13 - 11 ஓட்டினேன்: 1011 தலைகீழானால் 0100, கீழிருந்து 0, 1, 0, 0 வந்தது, அதாவது 2. ஆனால் ஐந்தாவது கிளாக் கொடுத்தால் 18 ஆகிறது. ஏன்?

மதுரை_பழையகை

ஐந்தாவது கிளாக்கில் b-க்கு நேரடியாக 0 கொடுத்திருப்பீர்கள். அந்த 0-வும் தலைகீழாகி 1 ஆகத்தான் உள்ளே போக வேண்டும். இன்வெர்ட்டரைக் கூட்டியின் வாசலிலேயே வையுங்கள், எண் முடிந்த பிறகு வரும் 0-களும் அதன் வழியாகவே போகட்டும். அப்போது ஐந்தாவது s 0, கேரி 1 ஆகவே நிற்கும். கடைசியில் கேரி 1 என்றால் a, b-யை விடச் சிறியதல்ல என்று பொருள். எண்களை ஒப்பிடவும் அதே கேரி போதும்.

மான்செஸ்டரில் 1948 ஜூன் 21 அன்று முதல் நிரலை ஓட்டிய பேபி கணினியும் பிட் பிட்டாகத்தான் கணக்குப் போட்டது, 32 பிட் எண்களில். அதில் கூட்டல் கட்டளையே கிடையாது, கழித்தல் மட்டும்தான். கூட்ட வேண்டுமானால் எண்ணை எதிர்மறையாக ஏற்றிக் கழிப்பார்கள். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக்கும் பிட் பிட்டாகக் கணக்கிட்டதுதான், பாதரசக் குழாயில் ஒலித்துடிப்பாக வரும் பிட்டுகளை வரிசையாக எடுத்து.

ஒன்றைக் கவனியுங்கள் சுடர்மதி: கழித்தலில் 0, 0-ஐ வைத்துத் துடைக்கும் என் வழி வேலைக்கு ஆகாது. b தலைகீழாகிவிடுவதால் உள்ளே போவது 0, 1, அது பழைய கேரியை அப்படியே விட்டுவிடும். அங்கே தாரணியின் start-தான் வேண்டும், ஆனால் 0-க்குப் பதில் 1-ஐத் திணிப்பதாக.

நித்திலா_இசிஇ

அப்படியென்றால் கூட்டல், கழித்தல் இரண்டையும் ஒரே மாட்யூலில் வைக்க, start வரும் கிளாக்கில் கேரிக்குப் பதிலாக sub கம்பியையே எடுத்துக்கொண்டால் போதுமா? `ci = start ? sub : c` என்று எழுதி, b-க்குப் பதில் `b ^ sub` கொடுத்து 256 ஜோடிகளையும் இரண்டு விதமாகவும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.

தாரணி

போதும். sub-ஐ ஓர் எண்ணின் நடுவில் மட்டும் மாற்றிவிடாதீர்கள்.